இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை: அளவு மீறிய ஜிங்க் தாமிரத்தைப் பறிப்பது எப்படி?

ரத்தசோகை என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது இரும்புச்சத்துதான். ஜிங்க் மாத்திரை என்றால் 'எதிர்ப்புச் சக்திக்கு நல்லது, முடி கொட்டாது, கூடினாலும் சிறுநீரில் போய்விடும்' என்பார்கள். இந்த இரண்டு பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் முழுசாக நம்பும் ஒருவர், தினம் ஜிங்க் மாத்திரை போட்டே ரத்தசோகையை வரவழைத்துக்கொண்டு, அதற்கு மாதக்கணக்கில் இரும்பு மாத்திரையும் விழுங்கிக்கொண்டிருக்க முடியும். அவர் ரத்தத்தில் உண்மையில் குறைந்திருப்பது தாமிரம், அதாவது செம்புச்சத்து.

ஜிங்க் என்பதும் துத்தநாகம் என்பதும் ஒன்றுதான். மாத்திரையைப் பற்றிப் பேசும்போது ஜிங்க் என்றும், உடலுக்குள் நடப்பதைச் சொல்லும்போது துத்தநாகம் என்றும் எழுதுகிறேன்.

ஈக்கு வைத்த ஒட்டுத்தாள்

ஈ தொல்லை தாங்காமல் வாசலில் பசை தடவிய தாளைத் தொங்கவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஈ கூடக்கூடத் தாளையும் கூட்டுகிறோம். நாம் தாள் வைத்தது ஈக்குத்தான், ஆனால் வழியில் வரும் தேனீயும் அதில் ஒட்டும். போதாததற்கு இந்தப் பசை ஈயை விடத் தேனீயை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை பழைய தாளைச் சுருட்டி வெளியே எறிகிறோம். அதோடு தேனீயும் போய்விடுகிறது.

சிறுகுடலில் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். சாப்பிட்ட சத்து ரத்தத்துக்குப் போக, குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களைக் கடந்தாக வேண்டும். துத்தநாகம் மிக அதிகமாக வந்து குவிந்தால், அந்தச் செல்கள் தற்காப்புக்காக ஒரு புரதத்தை நிறையத் தயாரிக்கும். அதன் பெயர் மெட்டலோதயோனின். உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் அது. நம் ஒட்டுத்தாள் இதுதான்.

இந்தப் புரதம் உருவாகத் தூண்டுவது துத்தநாகம். ஆனால் அது அதைவிட உறுதியாகப் பிடிப்பது தாமிரத்தை. உணவிலிருந்து செல்லுக்குள் வந்த தாமிரம் இதில் சிக்கிக்கொண்டு ரத்தத்துக்குப் போக முடியாமல் அங்கேயே நிற்கும். குடல்சுவர்ச் செல்களின் ஆயுளோ சில நாட்கள்தான். அவை உதிர்ந்து மலத்தோடு வெளியேறும்போது, சிக்கிய தாமிரமும் சேர்ந்து வெளியேறிவிடும்.

இன்னொரு இழப்பும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. உமிழ்நீர், இரைப்பைச் சுரப்பு ஆகியவை வழியாக நம் உடலிலிருந்தே கொஞ்சம் தாமிரம் தினமும் குடலுக்குள் வந்து, மறுபடி உறிஞ்சப்படும். இந்தப் புரதப் பொறி இருக்கும்வரை அந்தத் தாமிரமும் அதில் மாட்டும். அதாவது புதிய வரவு நிற்பதோடு, ஏற்கெனவே கையில் இருந்ததும் மெல்லக் கரைகிறது.

'காலையில் ஜிங்க், ராத்திரி தாமிரம் என்று பிரித்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று முண்டுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் அது பலிக்கும். ஆனால் காலையில் போட்ட ஜிங்க் உண்டாக்கிய புரதம், ராத்திரியும் செல்லுக்குள் இருக்கும். மறுநாள் அடுத்த மாத்திரை அதை இன்னும் வளர்க்கும். ஜிங்க்கை நிறுத்தினால்கூடப் பொறி உடனே மறையாது, சில நாட்கள் ஆகும்.

இதுவரை சொன்னது: அதிகத் துத்தநாகம், குடல்சுவரில் தாமிரத்தைச் சிக்கவைக்கும் புரதத்தை வளர்க்கிறது. அந்தத் தாமிரம் ரத்தத்துக்குப் போகாமல் உதிரும் செல்களோடு வெளியேறுகிறது. நேரம் மாற்றிச் சாப்பிடுவதால் இது தீராது.

தாமிரம் போனால் ரத்தம் ஏன் குறைகிறது?

ஒரு கிடங்கில் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. வெளியே லாரியும் தயாராக நிற்கிறது. ஆனால் மூட்டையைத் தூக்கி ஏற்றும் ஆள் வரவில்லை. பட்டினி கிடக்கும் ஊரிலிருந்து பார்த்தால், மூட்டையே இல்லை என்றுதான் தோன்றும். இன்னும் நாலு மூட்டை கொண்டுவந்து கிடங்கில் இறக்கினால் என்ன ஆகும்? கிடங்கு நிறையும், ஊருக்கு ஒன்றும் போகாது.

இங்கே மூட்டை இரும்பு, கிடங்கு கல்லீரல் முதலான உறுப்புகள், ஏற்றும் ஆள் செருலோபிளாஸ்மின். இது தாமிரத்தைத் தாங்கிய ஒரு ரத்தப் புரதம். சேமிப்பில் இருக்கும் இரும்பு வெளியே வரும்போது, அதை ரத்தத்தில் ஏற்றிச் செல்லத் தகுந்த வடிவத்துக்கு மாற்றுவது இதன் வேலை. குடல்சுவரிலும் இதே வேலையைச் செய்யும் தாமிரப் புரதம் ஒன்று இருக்கிறது. தாமிரம் குறைந்தால் இரண்டுமே தளர்ந்துவிடும். இரும்பு உடலில் இருந்தும், தேவைப்படும் இடத்துக்குப் போய்ச் சேராது.

அப்படியே கொஞ்சம் போய்ச் சேர்ந்தாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. ரத்த அணுக்கள் பிறக்குமிடம் எலும்பு மஜ்ஜை. அங்கே வளரும் செல்கள் ஆற்றல் உண்டாக்கவும் இரும்பைப் பயன்படுத்தவும் தாமிரத்தைச் சார்ந்த நொதிகள் வேண்டும். அவை இல்லாதபோது இரும்பு பயன்படாமல் செல்லுக்குள்ளேயே குவிகிறது. மஜ்ஜை மாதிரியை எடுத்து இரும்புக்கான நீலச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இளம் சிவப்பணுக்கள் சிலவற்றின் கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் மோதிரம் போட்டதுபோல் நிற்கும். வேறு செல்களுக்குள் சிறு குமிழ்கள் தெரியும். இரும்பு இருந்தும் ஹீமோகுளோபின் ஆகாமல் போனதை அங்கே நேரில் பார்க்கலாம்.

சிவப்பணு மட்டும் குறைவதில்லை. கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்ற வகையும் குறையும், சிலருக்கு அதுதான் முதலில் குறைகிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. ஹீமோகுளோபினும் நியூட்ரோபிலும் சேர்ந்து விழுந்து, தட்டணு மட்டும் சரியாக இருக்கும் அறிக்கையைப் பார்த்தால் தாமிரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நரம்பையும் இது விடாது. தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், இருட்டில் கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. வைட்டமின் பி12 குறைவில் வருவதைப் போலவே இருக்கும். ரத்தம் தேறினாலும் நரம்புப் பாதிப்பு பலருக்கு முழுதாகத் தேறுவதில்லை. நான் இதை வலியுறுத்தி எழுதுவதற்கு முதல் காரணமே அதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு

இது ஒரு தனி மனிதரின் கதை இல்லை. மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை வைத்து நான் அமைத்த உதாரணம்.

45 வயதுப் பெண் ஒருவர். முடி கொட்டுகிறது என்று 50 மி.கி. ஜிங்க் மாத்திரையைத் தினம் இரண்டு வேளை போடத் தொடங்குகிறார். அதோடு ஒரு மல்டிவைட்டமின், அதில் 15 மி.கி. துத்தநாகம். உணவிலிருந்து சுமார் 10 மி.கி. மொத்தம் ஒரு நாளைக்கு 125 மி.கி. அவருக்குத் தேவை 8 மி.கி. அளவுதான். முதல் சில மாதங்கள் எதுவும் தெரியாது, ஏனென்றால் கல்லீரலில் இருக்கும் தாமிரக் கையிருப்பு ஈடுகொடுக்கும்.

பத்தாவது மாதம் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1, நியூட்ரோபில் 800, தட்டணுக்கள் 2.4 லட்சம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 8.7. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவோ 350, தாராளமாக இருக்கிறது. பி12 சரி. இதற்குள் பாதங்கள் மரத்துப்போகத் தொடங்கிவிட்டன.

மஜ்ஜையைச் சோதிக்கிறார்கள். மேலே சொன்ன நீல மோதிரங்கள் தெரிகின்றன. இங்கேதான் ஆபத்தான திருப்பம். மஜ்ஜையே ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத மைலோடிஸ்பிளாசியா என்ற நோயிலும் இதே மோதிரங்கள் வரும். அது புற்றுநோய் வகையைச் சேர்ந்தது. தாமிரத்தை அளந்து பார்க்காமல் விட்டால், தவறான பெயரோடு ஒருவர் கடுமையான சிகிச்சை வரைக்கும் போய்விடக்கூடும்.

நம் உதாரணத்தில் ஒரு மருத்துவர், "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க, கடையில நீங்களா வாங்கினதும் சொல்லுங்க" என்று கேட்கிறார். ரத்தத் தாமிரத்தை அளக்கிறார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 70 முதல் 140 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டியது, 10 தான் இருக்கிறது. செருலோபிளாஸ்மினும் அடிமட்டத்தில். துத்தநாகம் இயல்புக்கு மேல். ஜிங்க்கை நிறுத்திவிட்டு, தினம் சில மில்லிகிராம் தாமிரத்தை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். நியூட்ரோபில் சில வாரங்களில் இயல்புக்கு வருகிறது. ஹீமோகுளோபின் மூன்று மாதத்துக்குள் 12-ஐ எட்டுகிறது. பாத மரமரப்பு மேலும் கூடாமல் நின்றது, ஆனால் முழுதாக விடவில்லை.

இந்த விளைவை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் ஆனந்த பிரசாத். மனிதருக்குத் துத்தநாகம் அவசியம் என்பதையே 1960-களில் ஈரானிலும் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களிடம் கண்டு நிலைநாட்டியவர் அவர்தான். 1978-ல் அவரும் உடன் பணியாற்றியவர்களும், சிகிச்சைக்காகத் தினம் 150 மி.கி. துத்தநாகம் பெற்றுவந்த, அரிவாள் செல் நோயுள்ள ஒருவருக்குத் தாமிரம் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். துத்தநாகத்தின் பெருமையை உலகுக்குக் காட்டியவரே அதன் எல்லையையும் எழுதி வைத்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதுவரை சொன்னது: தாமிரம் குறைந்தால் இரும்பு இருந்தும் பயன்படாது. இரும்பு மாத்திரைக்கு ஏறாத ஹீமோகுளோபின், குறைந்த நியூட்ரோபில், கால் மரத்தல் மூன்றும் சேர்ந்தால் தாமிரம், செருலோபிளாஸ்மின், துத்தநாகம் மூன்றையும் அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உடலில் அழற்சி இருந்தாலோ, கர்ப்ப காலத்திலோ, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும்போதோ செருலோபிளாஸ்மின் தானாகவே உயரும். அப்போது உண்மையில் குறைவு இருந்தும் அறிக்கை சரியாகத் தோன்றலாம். அதனால் ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது.

எவ்வளவு என்றால் அதிகம்?

பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை, அமெரிக்கப் பரிந்துரைப்படி ஆணுக்கு 11 மி.கி., பெண்ணுக்கு 8 மி.கி. துத்தநாகம். தாமிரம் இருவருக்கும் 0.9 மி.கி. நாள்தோறும் தாண்டக்கூடாத மேல்வரம்பு, உணவும் மாத்திரையும் சேர்த்து 40 மி.கி. துத்தநாகம். ஐரோப்பாவில் அதையே 25 என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள்.

இந்த 40 எங்கிருந்து வந்தது தெரியுமா? வாந்தியோ வயிற்றுவலியோ வரும் அளவை வைத்து அதைக் குறிக்கவில்லை. உணவோடு கூடுதலாகத் தினம் 50 மி.கி. துத்தநாகம் எடுத்த பெண்களுக்குப் பத்து வாரத்தில் சிவப்பணுக்களில் உள்ள ஒரு தாமிர நொதியின் செயல்பாடு இறங்கியது. உணவின் 10 மி.கி.யையும் கூட்டினால் 60. பாதுகாப்புக்காக அதை ஒன்றரையால் வகுத்தார்கள், 40 வந்தது. அதாவது இந்த வரம்பே தாமிரத்தைக் காப்பாற்றப் போட்ட கோடு. கடையில் கிடைக்கும் ஒற்றை 50 மி.கி. மாத்திரையே அதைத் தாண்டுகிறது.

லேபிளைப் படிக்கும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மாத்திரையில் துத்தநாகம் தனியாக இருக்காது, உப்பாக இருக்கும். 220 மி.கி. ஜிங்க் சல்ஃபேட் என்றால் அதில் உண்மையான துத்தநாகம் சுமார் 50 மி.கி. ஆனால் 50 மி.கி. ஜிங்க் குளுக்கோனேட் என்றால் சுமார் 7 மி.கி. தான். இந்த உண்மையான அளவைத் 'தனிம அளவு' என்பார்கள். மேலே சொன்ன வரம்புகள் எல்லாம் தனிம அளவுக்குத்தான். லேபிளில் உப்பின் எடையா, தனிம எடையா என்று புரியவில்லை என்றால், மருந்தாளுநரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கூட்டிப் பாருங்கள்.

கூட்டும்போது மாத்திரையாகத் தோன்றாதவற்றையும் சேர்க்க வேண்டும். சளிக்குச் சப்பும் ஜிங்க் மிட்டாய், உடற்பயிற்சிக்கான பொடி, மல்டிவைட்டமின் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். சில பல்செட் பசைகளில்கூடத் துத்தநாகம் இருந்தது. அவற்றை அளவுக்கு மீறி வருடக்கணக்கில் பூசியவர்களுக்குத் தாமிரம் குறைந்து நடையே கெட்டதாக 2008-ல் பதிவுகள் வந்தன. காரணம் தெரியாமல் நரம்பு மருத்துவரிடம் வந்தவர்கள் அவர்கள்.

சமநிலையை எப்படிக் காப்பது?

முதல் கேள்வி, எனக்கு ஜிங்க் மாத்திரை தேவைதானா என்பது. குறைவு இருப்பதாக மருத்துவர் சொல்லாத நிலையில், மாதக்கணக்கில் போட நல்ல காரணம் அநேகமாக இருக்காது. சளி பிடித்த சில நாட்களுக்குச் சப்புவதும் வருடம் முழுக்கச் சாப்பிடுவதும் ஒன்றல்ல. இந்தத் தீங்கை அளவும் காலமும் சேர்ந்துதான் உண்டாக்குகின்றன. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்லும் ஜிங்க்கை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது குறுகிய காலச் சிகிச்சை, அதனால் தாமிரம் காலியாகாது.

மருத்துவரே ஏதோ காரணத்துக்காக அதிக அளவில், நீண்ட காலம் எழுதியிருந்தால், இரண்டு விஷயம் கேட்கலாம். கூடவே தாமிரம் வேண்டுமா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களையும் தாமிரத்தையும் பார்க்க வேண்டும்? இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. முதுமையில் வரும் விழித்திரை நோய்க்காக அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001-ல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வில், தினம் 80 மி.கி. துத்தநாகம் கொடுத்தார்கள். அதோடு 2 மி.கி. தாமிரமும் வைத்தார்கள், தாமிரக் குறைவால் ரத்தசோகை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியென்றால் 100 ஜிங்க்குக்கு இத்தனை தாமிரம் போட்டால் சரி' என்று விகிதம் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். பொறி பெரிதாக இருக்கும்போது மேலே கொட்டும் தாமிரமும் அதில்தான் மாட்டும். முதலில் ஜிங்க்கைக் குறைப்பதுதான் வழி. தாமிரத்தையும் தன்னிச்சையாக அள்ளிப் போடக் கூடாது. அதற்கும் தினம் 10 மி.கி. என்று மேல்வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் கல்லீரலுக்குத் தீங்கு. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்குக் கொட்டைகள், விதைகள், பருப்புகள், காளான், ஈரல் ஆகியவற்றிலிருந்தே 0.9 மி.கி. தாமிரம் கிடைத்துவிடும். அந்த உணவுகள் பலவற்றில் துத்தநாகமும் கூடவே வரும், பொறியை வளர்க்கும் அளவில் அல்ல.

ஏற்கெனவே பல மாதம் அதிக ஜிங்க் எடுத்திருந்தால், மருத்துவரிடம் போகும்போது டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரை ஞாபகத்திலிருந்து சொன்னால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் அதையும் தவறாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு ஜிங்க் இல்லாமலே தாமிரம் குறையலாம்.

பொறியே மருந்தாகும் ஒரு நோய்

ஒரு விதிவிலக்கை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. வில்சன் நோய் என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. அதில் கல்லீரலால் தாமிரத்தை வெளியேற்ற முடியாது, அது கல்லீரலிலும் மூளையிலும் தேங்கிவிடும். அவர்களுக்கு இதே குடல் பொறியையே மருத்துவர்கள் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக ஜிங்க் அசிடேட் வடிவில் தனிம அளவு 50 மி.கி., தினம் மூன்று வேளை. அமெரிக்காவில் 1997 முதல் இதற்கு ஒப்புதல் உண்டு. அவர்கள் தாங்களாகவே ஜிங்க்கைக் குறைக்கவும் கூடாது, தாமிர மாத்திரை பக்கம் போகவும் கூடாது. அதே 150 மி.கி., வில்சன் நோயாளிக்குக் கல்லீரலைக் காக்கிறது. அந்த நோய் இல்லாதவருக்கு மஜ்ஜையைப் பட்டினி போடுகிறது.